சர்வீஸா, புராடக்டா? முதல் மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேம்பஸில் ஆஃபர் வாங்கியவர்களும், வேலையில் சேர்ந்து சில மாதங்கள் ஆனவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. சென்னையில் இரண்டு வகை நிறுவனங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, பிந்தைய பதில்கள் முந்தையவற்றை வைத்தே போகின்றன.

ரெண்டு கம்பெனியிலயும் கோட் தானே எழுதுறாங்க? அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

பணம் எதற்காக வருகிறது என்பதுதான் வித்தியாசம். டிசிஎஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட், விப்ரோ போன்ற சர்வீஸ் நிறுவனங்களுக்கு அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ பணம் கொடுக்கிறது. பல ஒப்பந்தங்களில் அந்தப் பணம் இத்தனை பேர் இத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற கணக்கில் வரும். சிலவற்றில் மொத்த வேலைக்கு ஒரு விலை பேசியிருப்பார்கள். எப்படியானாலும் நீங்கள் எழுதும் கோட் அந்த வாடிக்கையாளருடையது. ஒப்பந்தம் முடிந்தால் உங்களுக்கும் அந்தக் கோடுக்கும் தொடர்பு முடிந்தது.

ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ போன்றவை தாங்களே மென்பொருள் செய்து பல்லாயிரம் வாடிக்கையாளர்களுக்குச் சந்தாவாக விற்கின்றன. அங்கே உங்கள் ஒரு மணி நேரத்துக்கென்று யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. புராடக்ட் விற்றால்தான் வரவு. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், படிப்பு ஏன் மாறுகிறது, சம்பளம் ஏன் மாறுகிறது, ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் பெஞ்ச் ஏன் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

சென்னையில பெரிய வெளிநாட்டு பேங்கோட டெக் ஆபீஸ் இருக்கே, அது எதுல சேரும்?

அதற்கு ஜிசிசி என்று பெயர். ஒரு வங்கியோ, சில்லறை வணிக நிறுவனமோ, கார் நிறுவனமோ தன் சொந்த மென்பொருள் வேலைக்காக இங்கே நடத்தும் அலுவலகம். அங்கே வாடிக்கையாளரும் முதலாளியும் ஒருவரே என்பதால் மணிக்கணக்கு பில்லிங் இல்லை, பெஞ்ச் பயமும் மிகக் குறைவு. கற்றலும் சம்பளமும் பெரும்பாலும் புராடக்ட் நிறுவனத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் தலைமையகம் வேலையை வேறு ஊருக்கு மாற்ற முடிவெடுத்தால் ஒரு குழுவே மொத்தமாகக் கலையலாம்.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. இன்ஃபோசிஸ் குழுமத்தில் ஃபினக்கிள், டிசிஎஸ்ஸில் பேன்க்ஸ் என்று வங்கி மென்பொருள் புராடக்டுகள் உண்டு. சர்வீஸ் நிறுவனத்துக்குள்ளேயே அந்தக் குழுவில் சேர்ந்தால் உங்கள் வேலை புராடக்ட் வேலைதான். இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. பெரிய புராடக்ட் நிறுவனத்தின் வாசலில் நுழைவீர்கள், ஆனால் ஆஃபர் லெட்டரில் வேறொரு ஏஜென்சியின் பெயர் இருக்கும். அப்படியென்றால் நீங்கள் அந்த ஏஜென்சியின் ஊழியர், ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டவர். வாசல் பலகையை விடுங்கள், யாருடைய பேரோல் என்று பாருங்கள்.

பெஞ்ச்னா சரியா என்ன? பெஞ்ச்ல இருந்தா சம்பளம் வருமா?

வாடிக்கையாளரிடம் பில் போட முடியாத நிலையில் நீங்கள் சம்பளம் வாங்கும் காலம் பெஞ்ச். சம்பளம் வரும். வேரியபிள் பே மட்டும் சில இடங்களில் குறையும்.

நிறுவனம் ஏன் சும்மா ஆள் வைத்திருக்கிறது என்று பலருக்கும் புரிவதில்லை. ஒரு வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டதும் இரண்டு மூன்று வாரத்தில் ஆள் கேட்பார். வெளியிலிருந்து அனுபவசாலியை எடுத்தால் அவருடைய நோட்டீஸ் காலமே பல இடங்களில் 90 நாள். அதனால் கையிருப்பாக ஆள் வைத்துக்கொள்கிறார்கள். வேலை செய்யக்கூடியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குப் பில் ஓடுகிறது என்பதை யூடிலைசேஷன் என்பார்கள். பெரிய நிறுவனங்களில் இது பொதுவாக 80 முதல் 86 வரை இருக்கும். பல நிறுவனங்கள் இந்தக் கணக்கில் பயிற்சியில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. பயிற்சி முடிந்த மறுநாள்தான் நீங்கள் கணக்குக்குள் வருகிறீர்கள், அன்றிலிருந்து ஆர்எம்ஜி எனப்படும் ஆள் ஒதுக்கும் பிரிவு உங்களைத் தேட ஆரம்பிக்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நடுநிலை உண்டு. ப்ராஜெக்டில் போட்டிருப்பார்கள், தினமும் மீட்டிங் போவீர்கள், ஆனால் வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரில் பில் போகாது. இதை ஷேடோ அல்லது பஃபர் என்பார்கள். ப்ராஜெக்டில் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெளியே வருவது இவர்கள்தான். எனவே ப்ராஜெக்டில் சேர்ந்ததும் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: "நான் பில்லபிளா? இல்லையென்றால் எந்த மாதத்திலிருந்து?" இது மரியாதைக்குறைவான கேள்வி இல்லை. அவர்களுக்கு அன்றாடக் கேள்வி.

ட்ரெயினிங் முடிஞ்சு மூணு மாசமா பெஞ்ச்லயே இருக்கேன் அண்ணா. தூக்கிடுவாங்களா?

முன்பெல்லாம் புதியவர்கள் ஆறு மாதம்கூட பெஞ்சில் இருந்திருக்கிறார்கள், யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இப்போது பொறுமை குறைந்திருக்கிறது. டிசிஎஸ் 2025 ஜூன் 12 முதல் கொண்டுவந்த விதிப்படி ஓர் ஊழியர் ஆண்டுக்குக் குறைந்தது 225 நாள் பில்லபிளாக இருக்க வேண்டும், பெஞ்ச் 35 வேலை நாளைத் தாண்டக் கூடாது. மற்ற நிறுவனங்கள் இதே எண்ணைச் சொல்லாவிட்டாலும் போகும் திசை இதுதான். ஆகவே மூன்று மாதம் என்பது அலட்சியமாக விடக்கூடிய காலம் இல்லை. அதற்காக நாளைக்கே வேலை போகும் என்றும் இல்லை.

முதலில் காலத்தைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேலைநாட்டு வாடிக்கையாளர்கள் விடுமுறைக்காக வேலையை நிறுத்தி வைப்பார்கள், பர்லோ என்று சொல்வார்கள். அந்த மாதங்களில் பெஞ்ச் வீங்கும். ஜனவரியில் புதிய பட்ஜெட் வந்த பிறகு ஆள் கேட்பது கூடும். நீங்கள் நவம்பரில் காத்திருப்பதும் மார்ச்சில் காத்திருப்பதும் ஒன்றல்ல. மார்ச்சிலும் அழைப்பு இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் ஸ்கில்தான்.

அதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. நிறுவனத்தின் உள் தளத்தில் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து, அதில் என்ன ஸ்கில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பயிற்சியில் மெயின்ஃப்ரேம் கொடுத்திருப்பார்கள், உங்கள் மனதில் ஜாவா இருக்கும், ஆர்எம்ஜி மெயின்ஃப்ரேமுக்கு மட்டும் உங்களைக் காட்டிக்கொண்டிருக்கும். பிறகு உள் தளத்தில் திறந்திருக்கும் தேவைகளைப் படித்து, எந்த ஸ்கில் அதிகம் கேட்கப்படுகிறதோ அதில் நிறுவனமே நடத்தும் சான்றிதழை முடித்துப் பதிவேற்றுங்கள். ஆர்எம்ஜிக்கு வாரம் ஒரு மெயில் போதும்: இந்த ஸ்கில், இந்தச் சான்றிதழ், எந்த ஊருக்கும் வரத் தயார். கடைசி வரி முக்கியம். சென்னை மட்டும்தான் என்று சொல்லி இரண்டு மூன்று ப்ராஜெக்டை மறுத்தவர்கள்தான் நடவடிக்கைப் பட்டியலில் முதலில் ஏறுகிறார்கள். பெஞ்சில் இருந்த நாள்களைவிட மறுத்த ப்ராஜெக்டுகளின் எண்ணிக்கை ஆபத்தானது.

சர்வீஸ் கம்பெனில எதுவுமே கத்துக்க முடியாதுன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. எதைக் கற்பீர்கள் என்பதை நிறுவனம் தீர்மானிப்பதில்லை, ஒதுக்கப்படும் ப்ராஜெக்ட்தான் தீர்மானிக்கிறது. ஒரே நாளில் ஒரே நிறுவனத்தில் சேர்ந்த இருவரை எனக்குத் தெரியும். ஒருவருக்கு ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் பழைய க்ளெய்ம் சிஸ்டத்தைப் புதிதாக எழுதும் வேலை கிடைத்தது. இன்னொருவருக்குக் கடவுச்சொல் மாற்றிக் கொடுக்கும் டிக்கெட்டுகள். இரண்டு வருடம் கழித்து அவர்கள் ரெஸ்யூமேயில் நிறுவனத்தின் பெயர் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு.

முதல் மாதத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் திரையில் நாள் முழுக்கத் திறந்திருப்பது என்ன? கிட் ரெப்பாசிட்டரிக்கு அனுமதி கொடுத்து, ஜிராவில் உங்கள் பெயரில் சிறிய வேலை ஒன்று வந்து, நீங்கள் எழுதியதை யாரோ ஒருவர் படித்துக் குறை சொன்னால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். சர்வீஸ்நவ் டிக்கெட் வரிசையும், எக்ஸெல் ஷீட்டும், ஷிப்ட் அட்டவணையும் மட்டும்தான் என்றால் அது எல்1, சப்போர்ட்டின் முதல் படி. கோட் எழுத விடுகிறார்களா என்பதைவிட, எழுதியதை ரிவ்யூ செய்ய ஆள் இருக்கிறாரா என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். ரிவ்யூ இல்லாமல் இரண்டு வருடம் கோட் எழுதியவர்களை நேர்காணலில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று அதுவரை அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புராடக்ட் நிறுவனத்தில் இது அமைப்பிலேயே இருக்கிறது. போன வருடம் நீங்கள் எழுதிய கோடில் இந்த வருடம் பிழை வந்தால் அது உங்களிடமே வரும். அவசரத்தில் வைத்த குறுக்குவழியின் விலையை நீங்களே கட்டுவீர்கள். மென்பொருளில் மிக ஆழமான படிப்பு அங்கேதான் நடக்கிறது. ஒப்பந்தம் முடிந்து கைமாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அது கிடைப்பது அரிது. ஆனால் புராடக்டிலும் ஒரு குறை உண்டு. சில நிறுவனங்கள் தங்களுக்கென்று சொந்த ஃப்ரேம்வொர்க் கட்டி வைத்திருக்கும். மூன்று வருடம் அதிலேயே இருந்துவிட்டால் வெளியில் எல்லோரும் பயன்படுத்தும் கருவிகள் புதிதாகத் தெரியும். அங்கே சேர்பவர்கள் அடிப்படைகளை, அதாவது டேட்டாபேஸ், நெட்வொர்க், ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆகியவற்றை, விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சப்போர்ட் ப்ராஜெக்ட்ல போட்டுட்டாங்க. மாட்டிக்கிட்டேனா?

எல்1 என்றால் ஒரு வருடத்துக்குள் வெளியே வர முயல வேண்டும். பிரச்சினையின் காரணத்தைத் தேடும் எல்2, கோடையே திருத்தும் எல்3 என்றால் அங்கிருந்தே வழி இருக்கிறது.

வழி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு வங்கி ப்ராஜெக்டில் இரவு ஓடும் பேட்ச் ஜாப் வாரத்தில் இரண்டு நாள் நின்றுபோகும். இரவு ஷிப்டில் இருப்பவர் மறுபடி ஓடவிட்டு டிக்கெட்டை மூடுவார். புதிதாக வந்த ஒருவர் ஒரு மாத டிக்கெட்டுகளை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஃபைல் தாமதமாகும் நாள்களில்தான் ஜாப் விழுகிறது. சில நாள்களில் ஃபைல் வந்திருக்கிறது, கடைசி வரி பாதியில் நிற்கிறது. ஃபைல் முழுதாக வந்ததா என்று பார்த்துவிட்டு ஜாப்பைத் தொடங்கும் சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி லீடிடம் காட்டினார். அது உள்ளே போனதும் அந்த டிக்கெட்டுகள் நின்றன. அடுத்து, பாதி வரியைப் படித்தால் விழும் அந்த ஜாவா பகுதியைத் தானே சரிசெய்து தருவதாகக் கேட்டு, எல்3 ஆளுடன் உட்கார்ந்து முதல் மாற்றத்தை உள்ளே அனுப்பினார். பிறகு அவருக்கு ரெப்பாசிட்டரி அனுமதியை யாரும் திரும்ப வாங்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் திரும்பத் திரும்ப வரும் டிக்கெட், அதன் உண்மையான காரணம், ஒரு சிறிய தானியக்கம், அதன் பிறகு கோட். எடுத்ததுமே "எனக்கு டெவலப்மெண்ட் கொடுங்கள்" என்று கேட்பவருக்குக் காத்திருக்கச் சொல்லும் பதில்தான் கிடைக்கும்.

புராடக்ட் கம்பெனில பெஞ்சே கிடையாதுன்னா, வேலை சேஃப் தானே?

பெஞ்ச் இல்லை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இடையில் தாங்கும் மெத்தை கிடையாது. சர்வீஸில் ப்ராஜெக்ட் போனால் பெஞ்சுக்கு வருவீர்கள், இன்னொன்று தேட நேரம் இருக்கும். புராடக்டில் உங்கள் குழுவின் புராடக்டை மூட முடிவெடுத்தால், வேறு குழு எடுத்துக்கொள்ளாவிட்டால் வெளியேதான். ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2024 நவம்பரில் தன் ஊழியர்களில் சுமார் 13 சதவீதத்தினரை, ஏறக்குறைய 660 பேரை, குறைப்பதாக அறிவித்தது. அப்போதும் நிறுவனத்தின் விற்பனை வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

தனிப்பட்ட அளவிலும் கண்டிப்பு கூடுதல். ப்ரொபேஷன் காலத்தில் வேகம் போதவில்லை என்றால் பிஐபி என்ற முன்னேற்றத் திட்டத்தில் வைப்பார்கள். ஓரிரு மாத அவகாசத்தில் குறிப்பிட்ட வேலைகளை முடித்துக் காட்ட வேண்டும். சர்வீஸிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பயிற்சித் தேர்வில் மூன்று முறையும் தேறாததால் 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூரு வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். சர்வீஸில் புதியவருக்கு ஆபத்து பயிற்சித் தேர்விலும் முதல் ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. புராடக்டில் முதல் வருட வேகத்திலும், நிறுவனத்தின் பண நிலைமையிலும் இருக்கிறது.

3.6 லட்சம்னு ஆஃபர் லெட்டர்ல போட்டிருக்கு. மாசம் 30,000 வருமா?

வராது. அது சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மாதம் 30,000. பேசிக் 15,000 என்று வைத்தால் நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுட்டிக்காக ஒதுக்குவது சுமார் 720. வேரியபிள் 5 சதவீதம் என்றால் 1,500, இன்ஷூரன்ஸ் 400 என்று கொள்வோம். மிச்சம் சுமார் 25,580. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி மாதத்துக்கு 200 அளவில் போனால் கையில் வருவது 23,500 சொச்சம். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது.

கிராஜுட்டி அன்றைக்கே கைக்கு வரும் பணம் இல்லை, குறிப்பிட்ட காலம் வேலை செய்தவர்களுக்கே கிடைக்கும். வேரியபிள் நிறுவனத்தின் காலாண்டையும் உங்கள் மதிப்பீட்டையும் பொறுத்தது. இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது சிடிசியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். நிலையான மாதச் சம்பளத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள்.

ஒரு புராடக்ட் கம்பெனில 12 லட்சம் பேக்கேஜாம். அது முழுசா வருமா?

முந்தைய பதிலில் சொன்ன கழிவுகளோடு இங்கே இன்னும் இரண்டு சேரும். 12 லட்சத்தை இப்படிப் பிரித்திருக்கலாம்: நிலையான சம்பளம் 8 லட்சம், ஜாய்னிங் போனஸ் 1 லட்சம், செயல்திறன் போனஸ் 1 லட்சம் வரை, 8 லட்சம் மதிப்புள்ள பங்குகள் நான்கு ஆண்டில், அதாவது ஆண்டுக்கு 2 லட்சம். ஜாய்னிங் போனஸ் ஒருமுறைதான், ஒரு வருடத்துக்குள் விலகினால் பெரும்பாலும் திருப்பித் தர வேண்டும். ஆக இரண்டாம் ஆண்டில் சம்பள உயர்வே இல்லாவிட்டால் 12 என்பது 11 ஆகிவிடும்.

பங்குகளில் எந்த வகை என்று கேளுங்கள். சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்கு என்றால் கைக்கு வந்ததும் விற்கலாம், வரும்போதே சம்பளம்போல வரி பிடிப்பார்கள். பட்டியலிடப்படாத ஸ்டார்ட்அப்பின் இஎஸ்ஓபி என்றால் வாங்க யாராவது வரும்வரை அது காகிதம். அதை வீட்டுக் கடன் தவணைக்குக் கணக்கு வைக்கக் கூடாது.

சம்பளம் எங்க சீக்கிரம் ஏறும்? மூணு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் எங்க இருப்பாங்க?

சர்வீஸில் புதியவருக்கான அடிப்படை ஆஃபர் 2010 வாக்கில் 3 லட்சத்தை ஒட்டி இருந்தது, இப்போதும் 3.5 லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. காரணம் முதல் பதிலில் சொன்னதுதான். வாடிக்கையாளர் தரும் மணி விலை பெரிதாக ஏறவில்லை, விண்ணப்பிக்கும் பட்டதாரிகள் கூடிக்கொண்டே போகிறார்கள். ப்ராஜெக்டின் லாபமே கீழ்த்தட்டில் குறைந்த சம்பளக்காரர்கள் நிறைய இருப்பதில் நிற்கிறது.

கணக்குக்கு ஒருவர் 3.6 லட்சத்தில் தொடங்கி ஆண்டுக்கு 7 சதவீதம் உயர்வு வாங்குகிறார் என்று வைப்போம். மூன்று உயர்வுக்குப் பிறகு 4.4 லட்சம். இன்னொருவர் 7 லட்சத்தில் தொடங்கி 10 சதவீதம் வாங்கினால் 9.3 லட்சம். தொடக்கத்தில் 3.4 லட்சமாக இருந்த இடைவெளி 4.9 ஆகிவிட்டது. உயர்வு சதவீதத்தைவிடத் தொடங்கும் எண்தான் அதிகம் பேசுகிறது. எனவே சர்வீஸிலேயே சேர்வதானாலும் மேல் தட்டுத் தேர்வுகளை எழுதுங்கள். டிசிஎஸ்ஸில் டிஜிட்டல், ப்ரைம் பிரிவுகளும், இன்ஃபோசிஸில் ஸ்பெஷலிஸ்ட் ப்ரோகிராமர் பிரிவும் அடிப்படை ஆஃபரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கும் அதற்கு மேலும் தருகின்றன. அவர்களுக்கு டெவலப்மெண்ட் ப்ராஜெக்ட் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல்.

இடைவெளியை மூடுவது வேலை மாற்றம்தான், ஆனால் எங்கே மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சர்வீஸிலிருந்து இன்னொரு சர்வீஸுக்குப் போனால் இப்போதைய சம்பளத்தைக் கேட்டு அதன்மேல் இத்தனை சதவீதம் என்று பேசுவார்கள், 4.4 உங்கள் காலைப் பிடித்து இழுக்கும். நல்ல புராடக்ட் நிறுவனங்களில் நிலை வாரியாகச் சம்பள வரம்பு இருக்கும். நேர்காணலில் அந்த நிலைக்குத் தேறினால் பழைய சம்பளம் அவ்வளவாகக் குறுக்கே வராது.

சர்வீஸ்ல 3.6, நாப்பது பேர் இருக்கிற சின்ன புராடக்ட் கம்பெனில 5. வீட்ல பெரிய பேர் இருக்கிற கம்பெனிக்குப் போன்னு சொல்றாங்க. எது எடுக்கட்டும்?

சின்ன நிறுவனத்தைப் பற்றி சில விஷயங்கள் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், எத்தனை வருடமாக? செலவு வாடிக்கையாளர் பணத்தில் ஓடுகிறதா, முதலீட்டாளர் பணத்திலா? முதலீட்டாளர் பணம் என்றால் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது? உங்கள் கோடை ரிவ்யூ செய்யப்போகிறவர் யார், அவருடைய அனுபவம் என்ன? நேர்காணலின் முடிவில் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள், அப்போது இவற்றைக் கேளுங்கள். தனியார் லிமிடெட் நிறுவனம் என்றால் அதன் ஆண்டுக் கணக்குகளை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். ஒரு மாலை நேரம் செலவழிக்கத் தகுந்த வேலை அது.

வாடிக்கையாளர் பணத்தில் சில வருடமாக ஓடும் நிறுவனம், ரிவ்யூ செய்ய அனுபவசாலி இருக்கிறார் என்றால் நான் தயங்காமல் 5 லட்சத்தை எடுக்கச் சொல்வேன். வீட்டுக்கு அந்த மாதச் சம்பளம் உடனே தேவை, சின்ன நிறுவனத்தின் கையில் இன்னும் ஒரு வருடப் பணம்கூட இல்லை என்றால் 3.6ஐ எடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இடத்துக்கு, 5 என்ன 8 கொடுத்தாலும், போகாதீர்கள்.

சர்வீஸ் ஆஃபரில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: சேரும் தேதி. ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வைத்த சம்பவங்கள் 2022க்குப் பிறகு நிறைய நடந்தன. தேதி இல்லாத பெரிய ஆஃபரையும், அடுத்த மாதம் சேரச் சொல்லும் சிறிய ஆஃபரையும் எதிரெதிரே வைத்தால் நான் தேதி உள்ளதன் பக்கம்தான் சாய்வேன்.

சர்வீஸ்ல ரெண்டு வருஷம் இருந்துட்டு புராடக்டுக்குத் தாவ முடியுமா? அங்க ரெஸ்யூமே எடுக்கவே மாட்டாங்களாமே?

முடியும், நிறையப் பேர் போகிறார்கள். ஒன்றரை வருடம் முதல் மூன்று வருடம் வரை அதற்கு நல்ல காலம். அதற்குள் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் கேள்விகளை எழுதிப் பழகியிருக்க வேண்டும், எஸ்க்யூஎல் கை படிந்திருக்க வேண்டும், செய்த ப்ராஜெக்டை ஆழமாகச் சொல்லத் தெரிய வேண்டும். நான்கைந்து வருடம் ஆகிவிட்டால் அந்த அனுபவத்துக்கு ஏற்ற டிசைன் கேள்விகளைக் கேட்பார்கள். அதைச் செய்யாத ப்ராஜெக்டில் இருந்தவருக்கு அப்போதுதான் கடினமாகிறது.

நடைமுறையில் இடறுவது நோட்டீஸ் காலம். பெரிய சர்வீஸ் நிறுவனங்களில் பெரும்பாலும் 90 நாள். சின்ன புராடக்ட் நிறுவனங்கள் அவ்வளவு காத்திருக்க விரும்புவதில்லை. நோட்டீஸைப் பணம் கட்டி முடிக்க உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா, புதிய நிறுவனம் அந்தத் தொகையைத் தருமா என்பதை ஆஃபர் பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாசம் பெஞ்ச்ல இருந்தேன். அதை இன்டர்வியூல மறைச்சு ப்ராஜெக்ட்னு போட்டுக்கலாமா? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

வேண்டாம். ப்ராஜெக்ட் என்று எழுதினால் அதிலிருந்துதான் கேள்வி வரும். எந்த டேபிளில் எத்தனை வரிகள் இருந்தன, டிப்ளாய்மெண்ட் எப்படி நடந்தது, இரவில் எது உடைந்தது என்று மூன்றாவது கேள்வியிலேயே நிற்க இடம் இருக்காது. இதைவிட மோசமானது, காசு கொடுத்து இல்லாத நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழ் வாங்குவது. உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணில் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பது பதிவாகியிருக்கிறது. பின்னணிச் சோதனை செய்பவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சேர்ந்து ஒரு வருடம் கழித்துத் தெரிந்தாலும் வெளியே அனுப்புவார்கள்.

உள்ளதைச் சொல்லுங்கள்: ஆறு மாதம் ஒதுக்கீடு கிடைக்கவில்லை, அந்த நேரத்தில் இதைக் கட்டினேன், இதோ கோட். எதிரே இருப்பவர்களில் பலரும் பெஞ்சில் இருந்துவிட்டு வந்தவர்கள்தான், ஆறு மாதம் என்பதற்காக யாரும் நிராகரிக்க மாட்டார்கள். அந்தக் கோட் ஒரு டுடோரியலின் நகலா, நீங்களே யோசித்ததா என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்கள் ஊர் பஸ் நேரங்களைச் சொல்லும் சிறிய ஆப்பாக இருந்தாலும் போதும். நேரம் மாறும்போது தரவை எப்படிப் புதுப்பிக்கிறீர்கள், ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் என்ன ஆகும் என்று கேட்பேன். அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பெஞ்சைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.